தனியெழுத்திலிருந்து சேர்த்தெழுதும் கையெழுத்துக்கு: ஒன்பது வயதுக் குழந்தைகளின் ஆங்கில எழுத்துப் பயிற்சி பற்றிய கேள்விகளும் பதில்களும்

இப்பக்கத்தில் எழுத்துகள் அவற்றின் பெயராலேயே குறிக்கப்படுகின்றன. எல்லாம் சிறிய எழுத்துகள். ஒரே பெயரில் ஒலிக்கும் இரண்டில் ஒன்றை ‘குறுக்குக்கோட்டு டி’ என்றும் மற்றொன்றை ‘வயிற்று டி’ என்றும் குறிப்பிட்டிருக்கிறேன். எழுத்தின் உடல் அமரும் கோடு அடிக்கோடு. அதன் தலை தொடும் கோடு இடைக்கோடு.

என் மகளுக்கு ஒன்பது வயது. தனித்தனி எழுத்தாக அழகாக எழுதுகிறாள். சேர்த்தெழுத உடனே பழக்கலாமா?

பெரும்பாலும் பழக்கலாம். ஆனால் அதற்கு முன், எழுதி முடித்த பக்கத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அவள் எழுதும்போது அருகில் அமர்ந்து பென்சில் எந்த வழியாகச் செல்கிறது என்று கவனியுங்கள். தனியெழுத்தில் ஓர் எழுத்தைக் கீழிருந்து மேலாக எழுதினாலும், வட்டத்தை எதிர்த்திசையில் சுற்றினாலும், தாளில் விழும் வடிவம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். சேர்த்தெழுதும்போது அப்படி மறைக்க முடியாது. ஓர் எழுத்து முடியும் இடத்திலிருந்து அடுத்தது தொடங்கும் இடத்துக்கு ஒரு கோடு போயாக வேண்டும். இரண்டில் ஒன்று தவறான இடத்தில் இருந்தாலும் அந்தக் கோடு தடுமாறும். குழந்தைகளுக்கு இணைப்பு வரவில்லை என்று சொல்லப்படும் குறைகளில் பெரும்பகுதி, இணைப்பில் அல்லாமல் எழுத்துக்குள்ளேயே இருக்கிறது.

கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, சி, ஏ, ஓ, ஜி, கியூ, வயிற்று டி ஆகியவை கடிகாரத்தில் இரண்டு மணி காட்டும் இடத்தில் தொடங்கி, இடப்பக்கமாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்ற வேண்டும். இரண்டாவது, என், எம், ஆர், எச் ஆகியவற்றில் பென்சில் முதலில் மேலிருந்து கீழே இறங்கி, இறங்கிய கோட்டின் மீதே திரும்ப ஏறி, பிறகு வளைய வேண்டும். மூன்றாவது, ஐ, யூ, எல், குறுக்குக்கோட்டு டி ஆகியவை மேலிருந்தே தொடங்க வேண்டும். ஈ மட்டும் இவற்றுக்கு விலக்கு. அது நடுவில் கிடைக்கோடாகத் தொடங்குகிறது. இவற்றில் ஏதேனும் மாறியிருந்தால், முதல் இரண்டு மூன்று வாரங்களை அந்த எழுத்துகளுக்கே ஒதுக்குங்கள்.

தனியெழுத்திலிருந்து நேராகச் சேர்த்தெழுதத் தாவ வேண்டுமா, இடையில் ஏதேனும் படி உண்டா?

உண்டு, பலரும் தாண்டிச் செல்லும் படியும் அதுவே. எழுத்துகளைச் சேர்க்காமல், அடிக்கோட்டில் முடியும் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சிறு வால் மட்டும் வைத்து எழுதும் நிலை அது. ஏ, சி, ஈ, எச், ஐ, கே, எல், எம், என், யூ, இரண்டு டி-க்கள் ஆகியவை வால் பெறுபவை. வால் அடிக்கோட்டைத் தொட்டு மெல்ல வளைந்து, வலப்பக்கம் மேல்நோக்கி, உடலின் பாதி உயரத்துக்குள் நின்றுவிட வேண்டும். கோட்டோடு ஒட்டித் தரையில் படுத்துக் கிடக்கும் வால் அடுத்த எழுத்தைத் தொலைவில் தள்ளும். செங்குத்தாக நிமிரும் வால் எழுத்துகளை நெருக்கிவிடும்.

எல் என்ற எழுத்தையும் குறுக்குக்கோட்டு டி-யையும் வெறும் குச்சியாக எழுதிப் பழகிய குழந்தைக்கு இந்த வால்தான் பெரிய மாற்றம். எனவே அவற்றிலிருந்து தொடங்கி, ஐ, யூ, பிறகு என், எம், எச், கடைசியாக ஏ, வயிற்று டி என்று செல்வது எளிது. பள்ளி நோட்டில் எழுதும்போதும் யாரும் நினைவூட்டாமல் வால் வருகிறது என்றால் இந்தப் படி முடிந்துவிட்டது. அதற்கு ஒரு மாதம் ஆனாலும் தவறில்லை.

பள்ளியில் எல்லா எழுத்துகளும் அடிக்கோட்டிலிருந்து ஏறும் கோட்டுடன் தொடங்கி, கண்ணிகள் வைத்த கர்சிவ் முறையைக் கற்பித்தால், வீட்டிலும் அதையே பின்பற்றுங்கள். வீட்டுக்கு ஒரு முறை, பள்ளிக்கு ஒரு முறை என்பது குழந்தையைக் குழப்பும். கீழே சொல்லப்படுவது தனியெழுத்தின் வடிவத்தை மாற்றாமல் வாலை மட்டும் நீட்டிச் சேர்க்கும் முறைக்கு உரியது. தனியெழுத்தில் ஏற்கெனவே பழகிய ஒன்பது வயதுக் குழந்தைக்கு இதுவே கடினம் குறைந்தது என்பது என் கருத்து.

எந்த இணைப்புகளை முதலில் பழக்குவது?

அடிக்கோட்டிலிருந்து சாய்வாக ஏறும் இணைப்பே முதல். அதிலும், ஐ-க்குப் பின் என், யூ-வுக்குப் பின் எம், ஏ-வுக்குப் பின் ஐ என்பன போல, இடைக்கோட்டோடு நின்றுவிடும் எழுத்துகளுக்குச் செல்லும் இணைப்பிலிருந்து தொடங்குங்கள். முதலெழுத்தின் வால் நிற்காமல் இடைக்கோடு வரை நீண்டு, அங்கிருந்து அடுத்த எழுத்து இறங்குகிறது. அதே கோடு இன்னும் உயரமாக ஏறி எல், எச், கே போன்ற நெட்டை எழுத்துகளின் உச்சியைத் தொடுவது அடுத்தது. அந்த நீண்ட ஏற்றத்தில் குழந்தை பாதியில் நின்று, பென்சிலைத் தூக்கி, உச்சியிலிருந்து புதிதாகத் தொடங்கும். இரண்டு எழுத்துகளையும் ஒரே மூச்சில், சற்றுப் பெரிதாக எழுதச் சொன்னால் இது தானாகச் சரியாகும்.

மூன்றாவது வகையில் சிறிது பொறுமை தேவை. என்-க்குப் பின் ஏ, ஐ-க்குப் பின் சி, எம்-க்குப் பின் ஓ என்று வட்ட எழுத்து வரும்போது, ஏறும் கோடு வட்டத்தின் இடப்பக்கத்தைத் தொட்டால் போதும் என்று குழந்தை நினைக்கும். அப்படித் தொட்டால் வட்டத்தைத் தவறான திசையில் சுற்ற நேரிடும், அல்லது ஏ வாய் திறந்த யூ-வைப் போல ஆகிவிடும். கோடு வட்டத்தின் தலையைக் கடந்து இரண்டு மணி இடம் வரை சென்று, அங்கே நின்று, வந்த வழியில் சற்றுத் திரும்பி, பிறகு இடப்பக்கம் சுற்ற வேண்டும். அந்த இரண்டு மணி இடத்தில் மெல்லிய புள்ளி ஒன்றை வைத்துக் கொடுத்து, ‘புள்ளிவரை போ, திரும்பி வா’ என்று சொல்வது நீண்ட விளக்கத்தைவிட விரைவில் பலன் தரும்.

ஒரு நாளைக்கு ஓர் இணைப்பு போதும். ஒரே இணையை ஒரு வரியில் ஐந்தாறு முறை எழுதி, அவற்றில் மிக நன்றாக வந்ததைக் குழந்தையே வட்டமிட்டுக் காட்டட்டும். பிறகு அந்த இணை வரும் இரண்டு மூன்று சொற்களை எழுதட்டும். ஒரு பக்கம் முழுவதும் ஒரே இணையை நிரப்பினால், நான்காவது வரியிலிருந்து கை சோர்ந்து, தவறான வடிவமே பயிற்சி பெறும்.

ஓ, ஆர், வி, டபிள்யூ வந்தால் மட்டும் என் மகனின் சொல் படிக்க முடியாமல் போகிறது. ஏன்?

இந்த நான்கும் அடிக்கோட்டில் முடிவதில்லை. இடைக்கோட்டுக்கு அருகிலேயே முடிகின்றன. எனவே இவற்றின் இணைப்பு மேலேயே, மிகச் சிறிய தொய்வுடன், கிடையாகச் செல்ல வேண்டும். அதுவரை ஒவ்வோர் இணைப்பையும் அடியிலிருந்து ஏற்றிப் பழகிய கை, இங்கும் கீழே இறங்கிவிடுகிறது. இறங்கினால் ஓ பார்வைக்கு ஏ ஆகிறது. வி யூ ஆகிறது. ஆர் என் ஆகிறது.

‘மூன்’ என்ற சொல்லை எழுதும் சிறுவன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். எம், ஓ, ஓ, என் என்பன அதன் எழுத்துகள். அவன் எழுதியதைப் படித்தால் எம், ஏ, ஏ, பிறகு ஏதோ ஒரு மேடு என்று தெரிகிறது. சொல் முழுவதையும் மீண்டும் பத்து முறை எழுதச் சொல்வதில் பயனில்லை. எங்கே பிறழ்கிறது என்று ஒவ்வோர் இணைப்பாகப் பார்க்க வேண்டும். எம்-இலிருந்து முதல் ஓ-வுக்குச் செல்லும் சாய்வுக் கோடு இரண்டு மணி இடத்தைச் சரியாகத் தொடுகிறது, அதில் குறையில்லை. முதல் ஓ-வைச் சுற்றி முடித்ததும், தலையில் நிற்காமல், வட்டத்தின் வலப்பக்கத்தோடு அடிக்கோடு வரை வழுக்கி இறங்கி, அங்கிருந்து அடுத்த ஓ-வுக்கு ஏறுகிறான். அந்த இறக்கமே ஓ-வை ஏ-வாக மாற்றுகிறது. இரண்டாவது ஓ-விலும் இதுவே நடக்கிறது. கடைசியில், அடியிலிருந்து ஏறிவந்த கோடு என்-இன் முதல் குச்சியின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால், அந்தக் குச்சி இறங்காமலேயே வளைவு தொடங்கி, என் வெறும் மேடாகிறது. மூன்று எழுத்துகள் கெட்டிருந்தாலும் காரணம் ஒன்றே.

இதைத் திருத்த, முதலில் ஓ-வை மட்டும் எழுதி, சுற்றி முடித்த இடத்தில் பென்சிலைத் தூக்காமல் ஒரு கணம் நிறுத்தச் சொல்ல வேண்டும். நின்ற இடத்திலிருந்து, இடைக்கோட்டை ஒட்டி ஒரு சிறு பாலம்போல வலப்பக்கம் கோடு இழுத்து விட்டுவிடட்டும். பாலத்துடன் கூடிய ஓ பழகிய பின், ஓ-வும் என்-உம். அதில் பாலம் முடிந்த இடத்திலிருந்து குச்சி நேராக இறங்க வேண்டும். அடுத்து, இரண்டு ஓ. முழுச்சொல் கடைசியில்தான். முன்பு அடித்தடத்தில் சென்ற கை இடைத்தடத்துக்கு மாற நான்கைந்து நாட்கள் ஆகும். அந்த நாட்களில் அடியிலிருந்து ஏறும் புதிய இணைப்பு எதையும் கலக்காமல் இருப்பது நல்லது.

இந்த நான்குக்கும் பின்னால் ஈ வந்தால் மட்டும் சற்று விட்டுக்கொடுக்க வேண்டும். ஈ நடுவில் தொடங்குவதால், பாலம் வழக்கத்தைவிடச் சிறிது அதிகமாகத் தொய்ந்து, ஈ-யின் நடுக்கோடாகவே மாற வேண்டும். இது எல்லாவற்றிலும் கடினமான இணைப்பு. கடைசி வாரங்களுக்கு ஒத்திவையுங்கள்.

சொல்லில் உள்ள எல்லா எழுத்துகளையும் கட்டாயம் சேர்க்க வேண்டுமா? நீண்ட சொல்லில் கை தடுமாறுகிறது.

வேண்டியதில்லை. பெரிய எழுத்துகளை இந்த முறையில் அடுத்ததோடு சேர்ப்பதில்லை. ஜி, ஜே, ஒய் போன்று வால் கீழே இடப்பக்கம் திரும்பும் எழுத்துகளுக்குப் பின் பென்சிலைத் தூக்கிக்கொள்வதைப் பல எழுத்துமுறைகள் ஏற்கின்றன. எக்ஸ், இஸட் ஆகியவற்றுக்கும் அப்படியே. நீண்ட சொல்லில் நான்கைந்து எழுத்துகளுக்கு ஒரு முறை கையைத் தூக்கி நகர்த்துவதும் இயல்பே. ஐ-யின் புள்ளியையும் டி-யின் குறுக்குக்கோட்டையும் சொல் முடிந்த பிறகே போட வேண்டும். நடுவில் திரும்பிப் போனால் ஓட்டம் அறுந்துவிடும்.

நீண்ட சொல்லில் தடுமாற்றம் வருவதற்கு வேறொரு காரணமும் இருக்கலாம். தனியெழுத்தில் கை ஓரிடத்தில் ஊன்றி, விரல்கள் மட்டும் அசைந்தாலும் போதும். சேர்த்தெழுதும்போது முன்கை மேசையின் மீது வலப்பக்கமாக வழுக்கிச் செல்ல வேண்டும். மணிக்கட்டு ஒரே இடத்தில் ஆணி அடித்ததுபோல நின்றால், சொல்லின் கடைசி எழுத்துகள் சாய்ந்து சிறுத்துவிடும். எழுதும்போது முழங்கை நகர்கிறதா என்று பாருங்கள்.

எப்படி அமர வேண்டும்? கொஞ்ச நேரத்திலேயே தலையை மேசையில் சாய்த்துவிடுகிறான்.

குழந்தையைக் கண்டிக்கும் முன் மேசையையும் நாற்காலியையும் பாருங்கள். பெரியவர்களுக்கான நாற்காலியில் அமரும் ஒன்பது வயதுக் குழந்தைக்குப் பல நேரம் பாதம் தரையில் படுவதில்லை. கால் ஊன்ற இடம் இல்லாவிட்டால் உடலைத் தாங்கும் வேலை எழுதும் கைக்கும் தோளுக்கும் போய்விடும். பாதங்கள் முழுமையாகப் படியும்படி காலடியில் ஒரு பலகையோ உறுதியான பெட்டியோ வையுங்கள். இடுப்பு நாற்காலியின் பின்பக்கம் வரை செல்லட்டும். தோளைத் தளர்த்திக் கையை மடக்கினால் முழங்கை இருக்கும் உயரமே, அல்லது அதைவிட ஓரிரு விரல்கடை மேலே இருப்பதே, மேசைக்குச் சரியான உயரம். மேசை அதைவிட உயரமானால் தோள் காதை நோக்கி ஏறும். குழந்தையின் இருக்கையை உயர்த்தி, காலடிப் பலகையையும் உயர்த்துங்கள். வயிற்றுக்கும் மேசை விளிம்புக்கும் இடையே குழந்தையின் ஒரு கைமுட்டி அளவு இடைவெளி போதும்.

வலக்கையால் எழுதுபவர் தாளை உடலின் நடுக்கோட்டுக்குச் சற்று வலப்பக்கம் வைத்து, அதன் மேல்விளிம்பு இடப்பக்கம் சாயும்படி 20 முதல் 30 பாகை வரை திருப்பிக்கொள்ளலாம். இடக்கை தாளைப் பிடித்திருக்க வேண்டும். அந்தக் கை மடியிலோ கன்னத்திலோ இருந்தால்தான் தலை சாயத் தொடங்குகிறது. இவ்வளவும் செய்த பிறகும் தலை மிகக் கீழே இறங்கினால், கண் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

பென்சிலை எப்படிப் பிடிக்க வேண்டும்? நான்கு விரலால் பிடிக்கிறாள், மாற்றியாக வேண்டுமா?

பொதுவாகக் கற்பிக்கப்படும் பிடி மூவிரல் பிடி: கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டிவிரல் நுனியும் பென்சிலைப் பற்ற, நடுவிரலின் பக்கவாட்டில் பென்சில் சாய்ந்திருக்கும், மற்ற இரு விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கியிருக்கும். பற்றும் இடம் கூர்முனையிலிருந்து இரண்டு அல்லது மூன்று சென்டிமீட்டர் மேலே. பிடிக்கப் பழக எளிய வழி: பென்சிலின் கூர்முனை குழந்தையைப் பார்க்கும்படி மேசையில் வைத்து, முனைக்குச் சற்று மேலே கட்டைவிரலாலும் ஆள்காட்டிவிரலாலும் கிள்ளி எடுத்து, மறுகையால் பென்சிலைப் பின்னோக்கிச் சாய்த்துவிட்டால் அது தானாகவே கையின் பள்ளத்தில் அமரும்.

நான்கு விரல் பிடியில் விரல்கள் அசைந்து, வலியின்றி, படிக்கும்படி எழுத முடிந்தால் அதை மாற்றுவதற்காகப் போராட வேண்டாம். ஒன்பது வயதில் பிடி நன்றாக ஊறியிருக்கும். அதையும் இணைப்பையும் ஒரே நேரத்தில் மாற்ற முயன்றால் இரண்டுமே கெடும். மாற்ற வேண்டிய பிடிகள் வேறு: பென்சிலை முழுக் கைமுட்டியால் பற்றுவது, கட்டைவிரல் மற்ற விரல்களின் மேல் குறுக்கே படுத்து இறுக்குவது, மணிக்கட்டு உள்நோக்கி மடங்குவது. இவற்றில் விரல்கள் அசைய முடியாது என்பதால், ஏ-வின் தலையில் நின்று திரும்புவது போன்ற சிறு அசைவுகள் வராது.

பென்சில் முனை அடிக்கடி உடைகிறது. பக்கத்தின் பின்புறம் எழுத்து புடைத்திருக்கிறது. என்ன செய்யலாம்?

அதிகமாக அழுத்துகிறாள். தாளுக்கு அடியில் ஒரு மெல்லிய மெத்தைத்தாளையோ மடித்த துணியையோ வைத்தால், அழுத்தும்போது முனை தாளைக் கிழித்துவிடும். கிழியாமல் ஒரு வரி எழுதுவதே விளையாட்டாகிவிடும். 2B பென்சில் மென்மையானது. லேசாகத் தொட்டாலும் கறுப்பாக எழுதும். அழுத்தம் குறையாமல் இணைப்புகள் ஓடா என்பதால் இதை வால் பயிற்சியின்போதே சரிசெய்வது நல்லது.

இடக்கைக் குழந்தைக்கு முறை மாறுமா?

எழுத்தின் வழி மாறாது. தாளின் இடம் மாறும். தாளை உடலின் இடப்பக்கம் வைத்து, மேல்விளிம்பு வலப்பக்கம் சாயும்படி 30 முதல் 45 பாகை வரை திருப்ப வேண்டும். கை, எழுதும் வரிக்குக் கீழே இருக்க வேண்டும். மேலே கொக்கிபோல வளைந்தால் மணிக்கட்டும் நோகும், எழுதியதும் அழியும். பென்சிலை மூன்று முதல் நான்கு சென்டிமீட்டர் மேலே பிடித்தால் எழுதியது கண்ணுக்குத் தெரியும். வலக்கைக் குழந்தை கோட்டை இழுக்கும் இடத்தில் இடக்கைக் குழந்தை தள்ளுகிறது என்பதால், கிடையான இணைப்புகளுக்குக் கூடுதல் நாட்கள் கொடுங்கள். இருவர் அருகருகே அமர்ந்தால், முழங்கைகள் மோதாதபடி இடக்கைக் குழந்தை இடப்பக்க ஓரத்தில் அமரட்டும்.

தினமும் எவ்வளவு நேரம்? பள்ளிப் பாடத்தையும் சேர்த்தே எழுதச் சொல்லலாமா?

வாரத்தில் ஐந்து நாள், பத்து முதல் பதினைந்து நிமிடங்கள் போதும். பள்ளிப் பாடத்துக்கு அவசரப்பட வேண்டாம். கட்டுரை எழுதும் குழந்தை ஒரே நேரத்தில் கருத்தையும் எழுத்துக்கூட்டலையும் யோசிக்கிறது. அதனுடன் இணைப்பையும் யோசிக்க வைத்தால் வாக்கியங்கள் சுருங்கிவிடும்.

எப்போது மாற்றலாம் என்பதை அளந்தே முடிவு செய்யலாம். குழந்தைக்கு மனப்பாடமான ஒரு வாக்கியத்தை ஒரு நிமிடம் தனியெழுத்தில் திரும்பத் திரும்ப எழுதச் சொல்லி, எழுத்துகளை எண்ணுங்கள். மறுநாள் அதே வாக்கியத்தைச் சேர்த்தெழுதி எண்ணுங்கள். தனியெழுத்தில் 48 எழுத்துகளும் சேர்த்தெழுதுகையில் 26 எழுத்துகளும் வந்தால், பயிற்சி நோட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டாவது எண்ணிக்கை முதலாவதில் முக்கால் பங்கை, அதாவது இங்கே 36-ஐ, எட்டிய பின் தேதி, தலைப்பு, எழுத்துக்கூட்டல் பட்டியல் போன்ற சிறு பகுதிகளைச் சேர்த்தெழுதத் தொடங்கலாம். இந்த முக்கால் என்பது என் நடைமுறைக் கணக்கு, விதி அல்ல. இரண்டும் சமமான பிறகு கட்டுரைக்கு மாறட்டும்.

பல மாதங்கள் பழகியும் மாற்றமில்லை என்றால்?

முதல் பதிலில் சொன்ன சோதனைக்குத் திரும்பி, எழுத்துகளின் தொடக்கத்தையும் திசையையும் மீண்டும் பாருங்கள். அவை சரியாக இருந்தும் தனியெழுத்தே படிக்க முடியாமல் இருந்தாலோ, சில வரிகளுக்குள் கை வலிக்கிறது என்று குழந்தை அடிக்கடி சொன்னாலோ, பொத்தான் போடுவது, கத்தரிக்கோலால் வெட்டுவது போன்ற வேறு விரல் வேலைகளும் கடினமாக இருந்தாலோ, பயிற்சியின் அளவைக் கூட்டாமல் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவரிடம் காட்ட வேண்டும். செல்லும்போது குழந்தையின் நல்ல பக்கங்களை மட்டும் தேர்ந்தெடுக்காமல், வழக்கமான பள்ளி நோட்டு ஒன்றையும், அவள் எழுதும்போது கையும் தாளும் தெரியும்படி எடுத்த சிறு வீடியோ ஒன்றையும் கொண்டு செல்லுங்கள்.